தையல் சேனலுக்கு நான்கு பெயர்கள்: எதை நம்பி உழைப்பைப் போடலாம்?

"இன்ஸ்டாகிராமில் பெயர் காலியாக இருக்கிறது, .com டொமைனும் கிடைக்கிறது. அப்படியானால் வைத்துக்கொள்ளலாம்தானே?" சேனல் தொடங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. வைத்துக்கொள்ளலாம் என்று அதை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஹேண்டில் கொடுக்கும் தளமும் டொமைன் விற்கும் நிறுவனமும் டிரேட்மார்க் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. முதலில் கேட்டவருக்குக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். பிறகு அந்தப் பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவர் புகார் கொடுத்தால் அதே தளம் ஹேண்டிலைப் பிடுங்கிக்கொள்ளவும் செய்யும். நிறுவனப் பெயர்ப் பதிவும் இப்படித்தான். நிறுவனமாகப் பதிவாகிவிட்டதால் அந்தப் பெயரில் பிராண்ட் உரிமை வந்துவிடாது.

இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். தமிழில் தையல் கற்றுத்தரும் வீடியோக்கள். பின்னால் வெட்டுமாதிரிகளை பி.டி.எஃப்-ஆக விற்கும் எண்ணமும் உண்டு. கையில் நான்கு பெயர்கள்: தையல் கற்கலாம், ஊசிமுனை, நூலோமி, கவிதா (நடத்துபவரின் சொந்தப் பெயர்). நான்கும் உதாரணத்துக்காக எடுத்தவை. நான்கும் நான்கு வகை. உங்கள் பட்டியலில் இருக்கும் பெயர்களும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது?

ஒன்று, பெயரைக் காக்க முடியுமா? டிரேட்மார்க் என்பது "இது இன்னாரிடமிருந்து வருகிறது" என்று காட்டும் அடையாளம். பொருளையே சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் தொழிலைச் சொல்லவே முடியாமல் போகும். அதனால்தான் விளக்கமாக அமைந்த பெயர்களைப் பதிவு அலுவலகங்கள் மறுக்கின்றன.

இரண்டு, அதே பெயரோ அதைப்போன்ற பெயரோ வேறொருவரிடம் இருக்கிறதா? இங்கே "அதே எழுத்துகள்" என்பது அளவுகோல் அல்ல. பார்வை, ஒலி, பொருள் மூன்றிலும் ஒப்பிடுவார்கள். வாங்குபவர் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நினைத்துக் குழம்புவாரா என்பதுதான் கேள்வி.

மூன்று, ஹேண்டிலும் டொமைனும் ஒரே வடிவில் கிடைக்குமா? எக்ஸ் தளத்தில் பயனர்பெயருக்கு 15 எழுத்துதான் இடம், இன்ஸ்டாகிராமில் 30. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் நீளும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

நான்கு, பின்னால் பெயரை மாற்ற நேர்ந்தால் எவ்வளவு போகும்? வீடியோவுக்குள் பேசிய பெயரையும், அச்சடித்த அட்டையையும், மற்றவர்கள் பகிர்ந்த இணைப்புகளையும் நீங்கள் திருத்த முடியாது. சொந்த முகமும் பெயரும் முன்னால் நிற்கும் சேனலுக்கு இந்தச் சேதம் குறைவு. பிராண்ட் பெயர் மட்டும் நிற்கும் சேனலுக்கு அதிகம்.

நான்காவதை இலேசாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதை போதும். 2002 செப்டம்பரில் அது ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயரை ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் நிறுவனம் முன்பே வைத்திருந்ததால் சிக்கல் வந்து, 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஒரு கட்டற்ற தரவுத்தள மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. அதன் ஆட்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற மூன்றாவது பெயருக்கு மாறியது. இரண்டாவது தடவை இடித்தது அதே துறையில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகம். பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

## தேடும் முறை: தமிழ்ப் பெயருக்கு மட்டும் உள்ள சிக்கல்கள்

பொதுவான தேடலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். branddb.wipo.int என்ற முகவரியில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தேடல் இருக்கிறது. பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஐரோப்பிய அலுவலகங்களின் கூட்டு முயற்சியான tmdn.org/tmview இன்னொன்று. இரண்டிலும் பார்த்த பிறகு, நீங்கள் செயல்படும் நாட்டின் பதிவேட்டிலும் நேரடியாகத் தேட வேண்டும். டொமைன் பதிவாகியிருக்கிறதா, எந்த நிறுவனம் வழியாகப் பதிவானது என்பதை lookup.icann.org சொல்லும். உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும்.

சிக்கல் தமிழ்ச் சொல்லில்தான். க என்ற எழுத்து k ஆகவும் g ஆகவும் வரும். த என்பது th, t, d. ச என்பது ch, s, c. ழ என்பது zh, l. நெடில் ஊ என்பது oo, u, uu. ஆக "ஊசிமுனை" என்று ஒரு தடவை தேடினால் தேடியதாகவே ஆகாது. குறைந்தது இந்தப் பட்டியலாவது வேண்டும்:

```
oosimunai
oosi munai
usimunai
uusimunai
oosimunay
oochimunai
ஊசிமுனை
ஊசி முனை
```

ஒலியை வைத்துத் தேடும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்துக்கு அது ஒத்துவராமல் போகலாம்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. தமிழ் எழுத்தில் அமைந்த லோகோவைப் பலர் படமாகவே பதிவு செய்கிறார்கள். அப்படிப் பதிவானதில் எழுத்து வடிவம் தரவாக ஏறாமல் போனால், எழுத்துத் தேடலில் அது கண்ணிலேயே படாது. படக் குறிகளை வகைப்படுத்தும் வியன்னா வகைப்பாட்டில் பல்வேறு எழுத்துமுறைகளில் அமைந்த குறிகளுக்கு 28-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவையும் உங்கள் துறையின் வகுப்பையும் சேர்த்து வடிகட்டி, வரும் படங்களைக் கண்ணால் பார்த்துப் போக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் தமிழ்ப் பெயருக்கு இதை விட்டுவிடுவதற்கில்லை.

வகுப்பு என்றது, டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரித்து எண்ணிடும் நைஸ் வகைப்பாட்டை. மொத்தம் 45, 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். நம் தையல் சேனலுக்கு வீடியோவில் பாடம் நடத்துவது 41, பதிவிறக்கும் வெட்டுமாதிரி 9, காகித வெட்டுமாதிரி 16, நூல் 23, ஆடை 25, ஊசியும் பொத்தானும் 26. இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. "நான் 41, அவர் 26, ஆகவே மோதல் இல்லை" என்பார்கள். வகுப்பு எண் அலுவலக வசதிக்காக வந்தது. ஊசி விற்பவரே தையல் பாடமும் நடத்துவது இயல்பு என்பதால், வேறு வகுப்பில் இருந்தாலும் அது பக்கத்து வீடுதான். டயர் விற்பவரிடம் அதே பெயர் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, ஊரறிந்த பெயராக இல்லாத வரை.

தேடல் முடிவில் "காலாவதி" என்று ஒரு பதிவைக் கண்டதும் மகிழ வேண்டாம். பதிவு போனாலும் அவர் அந்தப் பெயரில் இன்னும் வியாபாரம் செய்துகொண்டிருந்தால், முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்புத் தரும் நாடுகளில் அவர் உங்களைத் தடுக்க முடியும். முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை தரும் நாடுகளில் கதை தலைகீழ்: அங்கே வருடக்கணக்கில் நீங்கள் பயன்படுத்தியிருந்தாலும் முந்திப் பதிந்தவர் கை ஓங்கும். உங்கள் பார்வையாளர்கள் எந்த நாடுகளில் இருக்கிறார்கள், எங்கே விற்கப் போகிறீர்கள் என்பதைத் தேடலுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இதனால்தான்.

## தையல் கற்கலாம்: பொருளையே சொல்லும் பெயர்

முதல் நாளிலேயே வேலை செய்யும் பெயர் இது. தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லே பெயராக இருப்பதால், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

காக்கும் விஷயத்தில்தான் இது நிற்காது. தையல் பாடத்துக்கு "தையல் கற்கலாம்" என்று வைத்தால், பதிவு அலுவலகம் அதை விளக்கச் சொல் என்று மறுக்கும் வாய்ப்பே அதிகம். நீண்டகாலம் பயன்படுத்தி, இந்தச் சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு உங்கள் நினைவுதான் வருகிறது என்று நிரூபித்தால் விதிவிலக்கு கிடைக்கலாம். அதற்கு வருடங்களும் விற்பனைக் கணக்கும் விளம்பரச் சான்றுகளும் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு லோகோவில் இருக்கிறது. இந்தச் சொற்களை ஒரு ஊசிப் படத்தோடு சேர்த்து லோகோவாகக் கொடுத்தால் பதிவு கிடைத்துவிடுவதுண்டு. சான்றிதழும் வரும். ஆனால் பல நாடுகளில் அதன் ஓரத்தில், அந்தச் சொற்கள் மீது தனி உரிமை கோர முடியாது என்ற நிபந்தனை இருக்கும். சில இடங்களில் அப்படி எழுதாமலே அதே விளைவுதான். இரண்டு வருடம் கழித்து "தையல் கற்கலாம் வாங்க" என்று இன்னொரு சேனல் வந்து நிற்கும்போதுதான், கையில் இருப்பது படத்துக்கான உரிமை, சொல்லுக்கானது அல்ல என்பது தெரியவரும்.

ஹேண்டிலிலும் மூச்சு முட்டும். thaiyalkarkalam என்பது சரியாக 15 எழுத்து. எக்ஸில் இடம் பிடிக்கும், ஆனால் யாரோ எடுத்துவிட்டிருந்தால் ஓர் அடிக்கோடு சேர்க்கக்கூட இடமில்லை.

ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு நிறுத்தக்கூடிய சோதனை முயற்சி, அல்லது தேடலில் வரும் ஆட்களை வேறொரு பிராண்டுக்கு அனுப்பும் கிளைப் பக்கம் என்றால் இது சரியான தேர்வு. அந்த வேலைக்கு இதைவிட நல்ல வகை கிடையாது.

## ஊசிமுனை: குறிப்பாகச் சுட்டும் பெயர்

பலரும் கடைசியில் வந்து நிற்கும் வகை இது. தையல் என்று நேரடியாகச் சொல்லாமல் தையலை நினைவூட்டும். கேட்பவர் ஒரு நொடி யோசித்துப் பொருளை எட்டுவார். அந்த ஒரு நொடிதான் சட்டத்தின் பார்வையில் இதை விளக்கச் சொல்லிலிருந்து பிரிக்கிறது. பதிவுக்குத் தகுதி உண்டு.

ஆனால் இந்தக் குறிப்பிட்ட பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. வேற்று எழுத்தில் உள்ள பெயருக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்கச் சொல்லிப் பல அலுவலகங்கள் கேட்கும். ஊசிமுனையை மொழிபெயர்த்தால் வருவது needlepoint. ஆங்கிலத்தில் அது ஒரு பூவேலை வகையின் பெயர்! தமிழில் குறிப்பாக நிற்கும் சொல், மொழிபெயர்ப்பில் பாடத்தின் தலைப்பாகவே மாறிவிடுகிறது. பிற மொழிச் சொல்லின் பொருளையும் கணக்கில் எடுக்கும் நாட்டில், பூவேலை கற்றுத்தரும் வீடியோக்களுக்கு இதைப் பதிய முயன்றால் விளக்கச் சொல் என்ற மறுப்பு வரலாம். தையல் எந்திரத்தில் சட்டை தைக்க மட்டும் கற்றுத்தருபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஆகவே தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் தேடல் பட்டியலில் பெயரின் மொழிபெயர்ப்பையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். மோதலும் அந்த வழியில் வரலாம்: வேறொருவர் ஆங்கிலத்தில் பதிந்திருப்பதும், நீங்கள் தமிழில் வைப்பதும் பொருளால் ஒன்றாக இருக்கலாம்.

இந்த வகையின் மறைவான செலவு தேடும் நேரம். நல்ல குறிப்பு உங்களுக்குத் தோன்றியதுபோல அடுத்தவருக்கும் தோன்றியிருக்கும். ஊசி, நூல், கண்டு, முடிச்சு என்று தொடங்கும் பெயர்களில் ஏற்கெனவே நெரிசல் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். தொழிலுக்குள் புழங்கும் சொல்லாக, ஆனால் கடையின் பெயர்ப் பலகையில் யாரும் எழுதத் துணியாத சொல்லாகப் பார்த்தால் வழி கிடைக்கும். "பிசிறு" அப்படி ஒன்று: துணி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், "பிசிறில்லாமல்" என்றால் குறையில்லாமல். ஆங்கில எழுத்தில் pisiru, ஆறே எழுத்து. கூடவே piciru, bisiru, pisuru ஆகியவற்றையும் தேட வேண்டும்.

## நூலோமி: இட்டுக்கட்டிய பெயர்

அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான் பாதுகாப்பு மிக வலுவாகக் கிடைக்கும். கோடாக் 1888-இலேயே இந்த வழியில் போன பெயர். எந்த மொழியிலும் பொருள் இல்லாத சொல்லாக ஜார்ஜ் ஈஸ்ட்மேன் உருவாக்கியது. ஹேண்டிலும் டொமைனும் கிடைப்பதும் இந்த வகையில்தான் எளிது. தேடல் முடிவுகள் குறைவாக வருவதால் சோதனையும் சீக்கிரம் முடியும்.

செலவு பிறகு வரும். நூலோமி என்றால் என்ன என்று முதல் ஐம்பது வீடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காதால் கேட்டவர் noolomi என்று அடிப்பாரா, nulomi என்று அடிப்பாரா? இரண்டு டொமைனையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும். "இட்டுக்கட்டியது" என்று நாம் நினைப்பது வேறு மொழியில் நிஜச் சொல்லாகவும் இருக்கலாம். லோமி என்ற பகுதி ஹவாய் மொழியில் பிசைவதைக் குறிக்கும். லோமிலோமி என்பது அவர்களது மசாஜ் முறை. தையல் சேனலுக்கு இது இடைஞ்சல் இல்லை, ஆனால் இதே பெயரை உடல்நலச் சேனலுக்கு வைத்திருந்தால் விளக்கச் சொல்லாகப் பார்க்கப்படும் ஆபத்து வந்திருக்கும்.

பல நாடுகளில் விற்கும் திட்டம், அல்லது பின்னால் துறையை விரிக்கும் திட்டம் இருந்தால் இதுதான் நல்லது. விளம்பரத்துக்குச் செலவு செய்ய வழியில்லாமல் தேடலை மட்டும் நம்பித் தொடங்குபவருக்கு முதல் வருடம் கடினமாக இருக்கும்.

## கவிதா: சொந்தப் பெயர்

மாற்ற வேண்டிய அவசியம் வருவது மிகக் குறைவு. தன் பெயரைத் தான் நேர்மையாகச் சொல்லிக்கொள்வதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. ஆனால் அது உங்களைக் காக்குமே தவிர, மற்ற கவிதாக்களைத் தடுக்காது. பரவலான பெயர் என்றால் ஹேண்டிலும் கிடைக்காது. Kavitha_stitches_official என்று நீண்டுகொண்டே போகும். அதே பெயரில் ஆடை வகுப்பில் முன்பே ஒருவர் பதிந்திருந்தால், "என் பெயர்தானே" என்ற வாதம் உங்கள் பெயரில் துணி விற்கும் அளவுக்கு நீளும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு செலவு தெரியவே வருடங்கள் ஆகும்: சேனலை விற்கவோ, வேறொருவரை முன்னிறுத்தவோ நினைக்கும் நாளில் பெயரும் ஆளும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கும். ஆளுக்காகவே பார்வையாளர்கள் வரும் சேனல் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| பெயர் | காக்க முடியுமா | மோதல் வாய்ப்பு | ஹேண்டில், டொமைன் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| தையல் கற்கலாம் | மிகக் கடினம் | வழக்கு வருவது குறைவு, போலிகள் அதிகம் | நீளம். பெரும்பாலும் போயிருக்கும் | லோகோ பதிவு தரும் பொய்யான நிம்மதி |
| ஊசிமுனை | முடியும், மொழிபெயர்ப்பைப் பொறுத்து | அதிகம் | முயன்றால் கிடைக்கும் | தேடும் நேரம் |
| நூலோமி | எளிது | குறைவு | எளிது | பொருளையும் எழுத்தையும் பழக்குவது |
| கவிதா | பெயரின் அரிதைப் பொறுத்து | நடுத்தரம் | பரவலான பெயருக்குக் கடினம் | விற்கவோ கைமாற்றவோ முடியாது |

## இந்தச் சேனலுக்கு எது?

பாடம் நடத்தி, வெட்டுமாதிரி விற்கும் திட்டத்துக்கு நாங்கள் இரண்டாம் வகையைத்தான் எடுப்போம். ஊசிமுனையை அல்ல, பிசிறு போன்ற ஒன்றை. பதிவேட்டில் முதல் சுற்றை நீங்களே பார்த்துப் பெயர்களைக் கழியுங்கள். அதே பெயர், அதே துறை, உயிரோடு இருக்கும் பதிவு என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒலி மட்டும் ஒத்திருப்பது, பக்கத்துத் துறையில் இருப்பது போன்ற இழுபறிகளுக்குத்தான் டிரேட்மார்க் வழக்கறிஞர் தேவை. மிஞ்சிய ஒன்றிரண்டு பெயருக்கு மட்டும் அவரிடம் முழுத் தேடல் கேட்டால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

பெயர் தேறியதும் அன்றே ஹேண்டில்களையும் டொமைனையும் எடுத்துவிடுங்கள். அறிவிப்பு, கருத்துக்கணிப்பு எல்லாம் பிறகு. முதல் வீடியோவின் தேதி, முதல் விற்பனை ரசீது, பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் வேறொருவர் உங்கள் டொமைனைக் கேட்டு வந்தால், அவருடைய உரிமை பிறப்பதற்கு முன்பே நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்பதே கெட்ட எண்ணம் இல்லை என்பதற்கான முதல் சான்று. ™ குறியை இப்போதே போட்டுக்கொள்ளலாம். ® பதிவு கிடைத்த பிறகுதான். முந்திப் போடுவது பல நாடுகளில் குற்றம்.

விண்ணப்பத்தில் 41-ஐயும் 9-ஐயும் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பட்டியலைப் பின்னால் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புதுத் தேதி. அதற்காக ஆடைக்கும் சேர்த்து 25-ஐப் போட்டு வைப்பதும் வீண். சில வருடங்கள் பயன்படுத்தாமல் விட்டால் அந்தப் பகுதியை ரத்து செய்யச் சொல்லி யாரும் கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் அந்தக் காலம் மூன்று அல்லது ஐந்து வருடம்.

விண்ணப்பிக்கும் நாளன்று முதல் சுற்றுத் தேடலை இன்னொரு முறை ஓட்டுங்கள். புதிதாகத் தாக்கலானவை தேடலில் ஏற நாளாகும். அதோடு, பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் ஆறு மாதத்துக்குள் வேறு நாட்டிலும் கொடுத்தால் பழைய தேதியையே கோரலாம். அதனால் இன்று உங்கள் நாட்டுப் பதிவேட்டில் இல்லாத ஒரு "பிசிறு", உங்களுக்கு முந்தைய தேதியோடு மூன்று மாதம் கழித்து வந்து நிற்கக்கூடும். இந்த ஆறு மாத இருட்டு விலகும் வரை பெயர் பொறித்த பெரிய அச்சு வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். வீடியோக்களை மட்டும் போட்டுக்கொண்டிருங்கள்.